தாயகத்து வீடும் நிலநடுக்கக் காப்பீடும்: பத்திரத்தில் அடங்கியிருப்பது என்ன?

2013 ஏப்ரல் மாதத்தில் ஈரானில் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. முதலாவது புஷெஹர் பகுதியிலும், அடுத்தது பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சராவான் பகுதியிலும் நிகழ்ந்தன. இரண்டின் அதிர்வும் வளைகுடா நாடுகள் வரை உணரப்பட்டது. தோஹாவில் உயர்ந்த கட்டடங்களிலிருந்து மக்கள் வெளியேறினர். நஜ்மாவில் வாடகைக்குக் குடியிருப்போரைப் பொறுத்தவரை, கட்டடத்துக்கு நேரும் சேதம் கட்டட உரிமையாளரின் காப்பீட்டைச் சேர்ந்தது. வீட்டினுள் உள்ள சொந்தப் பொருள்கள் அந்தக் காப்பீட்டில் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருப்போர், பத்திரத்தின் ஆபத்துகள் பட்டியலில் நிலநடுக்கம் என்ற சொல், அரபியில் ‘ஸில்ஸால்’, உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் இப்பகுதித் தமிழர்களில் பலருக்குச் சொந்த வீடு இங்கே இல்லை. பல்லாண்டுச் சேமிப்பில் தமிழ்நாட்டில் கட்டப்பட்டு நிற்கிறது. அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு காப்பீடு இருப்பதாக அவர்கள் அறிவர். பெரும்பாலும் வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியே எடுத்துக்கொடுத்த காப்பீடாக அது இருக்கும். அதில் நிலநடுக்கம் அடங்குமா என்ற கேள்விக்கு, பத்திரம் எந்த ஆண்டில், எந்தப் பெயரில் வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

தீக்காப்பீடும் விடுபட்ட நிலநடுக்கமும்

இந்தியாவில் நெடுங்காலமாக வீடுகளுக்கு விற்கப்பட்டு வந்தது ‘ஸ்டாண்டர்டு ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்னும் பத்திரமாகும். பெயரில் தீ முதலிடம் பெற்றிருந்தாலும் புயல், வெள்ளம், இடி, வெடிவிபத்து, கலவரம், நிலச்சரிவு ஆகியனவும் அதில் இயல்பாகவே அடங்கின. நிலநடுக்கம் மட்டும் அடங்கவில்லை. அது தேவைப்படுவோர், நில அதிர்வு மண்டலத்துக்கு ஏற்ற கூடுதல் பிரீமியம் செலுத்தித் தனி இணைப்பாக அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான விதிகளும் கட்டணங்களும் அகில இந்தியத் தீக்காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பில் வரையறுக்கப்பட்டிருந்தன. 2007 ஜனவரி 1 முதல் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின்னரும் பத்திரத்தின் வாசகம் பெரிதும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் அந்த இணைப்பைச் சேர்த்தவர்கள் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. நிலநடுக்கம் குஜராத்துக்கும் இமயமலைச் சாரலுக்கும் உரியது என்னும் எண்ணம் பரவலாக இருந்தது. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 என்று மதிப்பிடப்படுகிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் ஏற்பட்ட அதிர்வு சென்னையில் நன்றாக உணரப்பட்டது. அடுத்த ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனது நில அதிர்வு வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

அந்தப் பழைய பத்திரத்தில் பலரும் கவனியாத வாசகம் ஒன்று இருந்தது. புயலையும் வெள்ளத்தையும் உள்ளடக்கிய பிரிவின் முடிவில், நிலநடுக்கத்தினாலோ எரிமலை வெடிப்பினாலோ இயற்கையின் பிற கொந்தளிப்புகளாலோ விளையும் வெள்ளம் இதில் சேராது என்ற விலக்கு எழுதப்பட்டிருந்தது. நிலநடுக்க இணைப்பு வாங்கியிருந்தால் மட்டும் அந்த விலக்கு நீக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு வரியின் பொருள் என்னவாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம். அன்று காலை சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தமிழகக் கடற்கரையில் அந்த அதிர்வால் வீடுகள் இடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கடல்நீர் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரையோரத்தில் வீடு வைத்திருந்த ஒருவரின் கண்ணுக்கு அது வெள்ளமே. சுவரைத் தள்ளியது நீர், பொருள்களை அடித்துச் சென்றதும் நீர். அவரிடமிருந்த பத்திரத்தில் வெள்ளம் என்ற சொல்லும் இருந்தது. ஆயினும் நீரை எழுப்பியது நிலநடுக்கம் என்பதால், அந்த இணைப்பு இல்லாத பத்திரத்தின் வாசகப்படி அவருடைய இழப்பு விலக்கப்பட்ட ஒன்றாகும். காப்பீட்டுச் சட்டத்தில் சேதத்தை விளைவித்த பொருள் எது என்பதைவிட, அதற்கு அண்மைக் காரணமாக அமைந்த நிகழ்வு எது என்பதே முதலில் கேட்கப்படும். ஆகவே நிலநடுக்க இணைப்பு சுவரில் விழும் விரிசலுக்கு மட்டும் உரியதன்று. கடற்கரை மாவட்டங்களில் சுனாமிக்கான காப்பும் அதுவேயாகும்.

2021க்குப் பின்

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கென ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான பத்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் நிலநடுக்கம் கூடுதல் இணைப்பு அன்று. அடிப்படைக் காப்பிலேயே தீ, வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றோடு அதுவும் சேர்ந்துள்ளது. தனிப் பிரீமியம் கேட்கப்படுவதில்லை. இன்று இந்தப் பெயரில் பத்திரம் வைத்திருப்பவர் நிலநடுக்கத்துக்கெனத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

எனினும் மூன்று வகையினர் தம் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பார்ப்பது அவசியம். வீட்டுக்கடனோடு பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரே தவணையில் எடுக்கப்பட்ட நீண்டகாலப் பத்திரம் வைத்திருப்போர் முதல் வகையினர். அது 2021க்கு முற்பட்டதாயின் பழைய வாசகமே இன்னும் நடப்பில் இருக்கக்கூடும். வேறு வணிகப் பெயரில் விற்கப்படும் திட்டங்களை வாங்கியோர் இரண்டாம் வகையினர். வங்கி எடுத்துக்கொடுத்தது வீட்டுக் காப்பீடுதானா என்று ஐயமுள்ளோர் மூன்றாம் வகையினர். கடன் வாங்கியவர் இறந்தால் நிலுவையைத் தீர்க்கும் ஆயுள் காப்பீட்டைப் பலர் வீட்டுக் காப்பீடு என்றே நம்பி வருகின்றனர். அதில் வீட்டின் ஒரு செங்கல்லுக்கும் காப்பு இல்லை.

அடுக்குமாடியில் வீடு வைத்திருப்போருக்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. நிலநடுக்கத்தில் தூண்களும் உத்தரங்களும் சேதமடைந்தால் அவற்றைச் சீரமைப்பது தனியொருவரால் ஆகாது. அவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. குடியிருப்போர் சங்கம் கட்டடம் முழுமைக்கும் காப்பீடு எடுத்துள்ளதா என்பதை ஆண்டுக் கூட்டத்தின் வரவுசெலவுக் கணக்கில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

காப்பீட்டுத் தொகை எவ்வாறு அமைகிறது?

புதிய பத்திரத்தில் வீட்டுக்கான காப்பீட்டுத் தொகை எளிய கணக்கில் அமைகிறது. வீட்டின் கார்ப்பெட் பரப்பு, அதாவது சுவர்களுக்குள் அமைந்த புழங்கும் பரப்பு, சதுர மீட்டரில் அளக்கப்படும். அதைப் பத்திரம் தொடங்கும் நாளில் நிலவும் கட்டுமானச் செலவால் பெருக்கினால் தொகை கிடைக்கும். மனையின் விலை இதில் சேராது; நிலநடுக்கம் மனையை எடுத்துச் செல்வதில்லை. ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கிய வீட்டுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாய்க் காப்பீடு சரியான தொகையாக இருப்பதற்கு இதுவே காரணம். சுற்றுச்சுவர், வாயிற்கதவு, வெளிக்கட்டடம், தண்ணீர்த் தொட்டி முதலியனவும் வீட்டுக் கட்டடம் என்ற சொல்லில் அடங்கும். ஆனால் அவற்றின் கட்டுமானச் செலவைத் தனியே கணக்கிட்டுத் தொகையில் சேர்க்க வேண்டும். நிலநடுக்கத்தில் முதலில் சாய்வது பெரும்பாலும் சுற்றுச்சுவரே என்பதால் அதை விட்டுவிடுதல் நன்றன்று.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரில் 100 சதுர மீட்டர் கார்ப்பெட் பரப்புள்ள வீடு ஒன்றைக் கொள்வோம். கட்டுமானச் செலவு சதுர மீட்டருக்கு 22,000 ரூபாய் எனில் காப்பீட்டுத் தொகை 22 இலட்சம் ஆகும். பத்திரக் காலத்தில் இத்தொகை கூடுதல் பிரீமியம் இன்றி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற வீதத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக உயரும். 146ஆம் நாளில் நிலநடுக்கம் நேர்ந்தால் அன்றைய காப்பீட்டுத் தொகை 4 விழுக்காடு கூடி 22,88,000 ரூபாயாக இருக்கும். வீட்டுப் பொருள்களுக்கு, பட்டியல் தராமலே, கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, தானாகவே காப்பு உண்டு. நகைகளும் கலைப்பொருள்களும் மட்டும் தனியே மதிப்பிட்டுச் சேர்க்கப்பட வேண்டியவை.

விரிசல் எதனால் வந்தது?

இடிந்து விழுந்த வீட்டை மதிப்பிடுவதில் தகராறு குறைவு. தகராறெல்லாம் நின்றுகொண்டிருக்கும் வீட்டில்தான் எழுகிறது. மிதமான நிலநடுக்கத்துக்குப் பின் வீடு விரிசல்களோடு நிற்கும். அவற்றுள் எவை அன்று விழுந்தவை, எவை முன்பே இருந்தவை என்று பிரிப்பதே மதிப்பீட்டின் கடினமான பகுதி. இழப்பு ஒரு இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் உரிமம் பெற்ற இழப்பு மதிப்பீட்டாளரை, வழக்கில் சர்வேயர் எனப்படுபவரை, காப்பீட்டு நிறுவனம் அனுப்ப வேண்டும். அவருக்கான கட்டணம் நிறுவனத்தைச் சேர்ந்தது.

அவர் முதலில் நிகழ்வை உறுதி செய்வார். அதிர்வின் நாள், நேரம், அளவு, மையம் ஆகியன தேசிய நில அதிர்வு மையத்தின் பதிவுகளில் கிடைக்கும். அடுத்து விரிசல்களின் உருவத்தைப் பார்ப்பார். நிலநடுக்கம் சுவரைப் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறது. ஆகவே இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டும் சாய்ந்த விரிசல்கள் தோன்றும். சுவர்கள் சந்திக்கும் மூலைகள் மேலிருந்து பிரியும். கான்கிரீட் சட்டகத்துக்கும் இடையே அடைக்கப்பட்ட செங்கற் சுவருக்கும் நடுவே கோடு பிளக்கும்.

அடித்தளம் அமிழ்வதால் வரும் விரிசல் இவ்வாறு இருப்பதில்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாய்ந்து, செங்கற்களின் இணைப்பு வழியே படிக்கட்டுப் போல ஏறி, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் காணப்படும். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் ஏற்ப அது மூடித் திறப்பதும் உண்டு. மாடித்தளத்துக்குக் கீழே சுவரின் மேல்விளிம்பில் கிடையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்குவதால் விளைவது. தூணின் ஓரமாக நெடுகச் செல்லும், துருக்கறை படிந்த விரிசல் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததைக் காட்டுகிறது.

வயதை அறிய எளிய அடையாளங்கள் உள்ளன. புதிய விரிசலின் விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் தூய நிறத்திலும் இருக்கும். அடியில் தரையில் பூச்சுத் துகள்கள் உதிர்ந்து கிடக்கும். பழைய விரிசலில் தூசியும் ஒட்டடையும் படிந்திருக்கும். சுண்ணாம்போ பெயின்ட்டோ உள்ளே இறங்கியிருந்தால், கடைசியாக வண்ணம் பூசியதற்கு முன்பே அது இருந்தது என்பது வெளிப்படை. பூச்சை ஓரிடத்தில் தட்டி எடுத்து, விரிசல் செங்கல் வரை செல்கிறதா அல்லது பூச்சோடு நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் எழுதப்படும் அறிக்கையை ஆட்சேபிக்க வீட்டுரிமையாளருக்கு நியாயம் உண்டு.

பழைய விரிசல் அதிர்வினால் பெரிதாகியிருந்தால் என்ன? கோரிக்கை முழுவதையும் தள்ளிவிட அது காரணமாகாது. அதிர்வு கூடுதலாக்கிய சேதத்தை மதிப்பிட வேண்டும். ஆனால் எவ்வளவு கூடியது என்பதைக் காட்ட முந்தைய நிலையின் சான்று தேவை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வோர் அறையின் நான்கு சுவர்களையும், தூண்களையும், சுற்றுச்சுவரையும் தேதியோடு படமெடுத்து வைப்பதற்கு அரை மணி நேரமே ஆகும். அயல்நாட்டில் வாழ்பவரிடம் இருக்கக்கூடிய சான்றுகளில் இதைவிட வலுவானது அரிது.

கணக்கின் போக்கு

முன்னே சொன்ன கோயம்புத்தூர் வீட்டுக்குத் திரும்புவோம். அதிர்வுக்குப் பின் உரிமையாளரின் பொறியாளர் 5 இலட்சம் ரூபாய்க்குச் சீரமைப்பு மதிப்பீடு தருகிறார் எனக் கொள்வோம். மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வேலையையும் அளந்து சரிபார்க்கிறார். வெடித்த மொசைக் தரைக்குப் பதிலாகக் கிரானைட் போடுவதால் கூடும் 1 இலட்சத்தை நீக்குகிறார். காப்பீடு இருந்ததை மீட்டுத் தருவதற்கு உரியது, மேம்படுத்துவதற்கன்று. குளியலறைச் சுவரில் நீர்க்கசிவால் முன்பே இருந்த சேதத்துக்கான 50,000 ரூபாயையும் நீக்குகிறார். எஞ்சுவது 3,50,000 ரூபாய். இதற்கு மேல் பொறியாளர் கட்டணத்துக்கு இழப்பீட்டில் 5 விழுக்காடு வரை, அதாவது 17,500 ரூபாயும், இடிபாடுகளை அகற்ற 2 விழுக்காடு வரை, அதாவது 7,000 ரூபாயும், உண்மையில் செலவான அளவுக்கு உண்டு. உரிமையாளரே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை பத்திரத்தில் குறிக்கப்பட்டிருந்தால் அது கழிக்கப்படும். கட்டடத்தின் வயதைக் காட்டித் தேய்மானம் கழிப்பது இந்தப் பத்திரத்தின் முறையன்று. சீரமைப்பதற்கான செலவே அளவுகோல்.

இதே வீட்டுக்குப் பழைய பத்திரம் இருந்திருப்பின் மூன்று விளைவுகளுக்கு இடமுண்டு. நிலநடுக்க இணைப்பு இல்லையெனில் ஒன்றும் கிடைக்காது. இணைப்பு இருந்து, சரியான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தால், தீர்வு சந்தை மதிப்பின் அடிப்படையிலாயின் தேய்மானம் கழித்து எஞ்சியது கிடைக்கும். இணைப்பு இருந்தும், பிரீமியத்தை மிச்சப்படுத்த 22 இலட்ச ரூபாய் வீட்டை 11 இலட்சத்துக்கே காப்பீடு செய்திருந்தால், விகிதாசார விதியின்படி இழப்பிலும் பாதியே, அதாவது 1,75,000 ரூபாயே கிடைக்கும். சேதம் 11 இலட்சத்துக்கு மிகவும் குறைவாயிற்றே என்ற வாதம் அங்கு எடுபடாது. புதிய பத்திரம் இந்த விகிதாசாரக் கழிவை வீடுகளுக்கு நீக்கிவிட்டது. பரப்பளவை உண்மையாகத் தெரிவித்திருந்தால், காப்பீட்டுத் தொகையின் வரம்புக்குள் இழப்பு குறைக்கப்படாது.

பூட்டிய வீடும் தொலைவிலிருக்கும் உரிமையாளரும்

வளைகுடாவில் வாழ்வோர் தனியாகக் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்றுண்டு. பழைய பத்திரத்தில், காப்பீடு செய்த கட்டடம் தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருந்தாலன்றிக் காப்பு நின்றுவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய இடர் இல்லை. எந்தப் பத்திரமாயினும், வீடு பூட்டியிருக்கிறது அல்லது வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலையும் எழுத்தில் பெற்று, பத்திரத்தோடு வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது சான்றாகாது.

சேதம் நேர்ந்ததும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் உடனே தெரிவிக்க வேண்டும். மின்னஞ்சலின் நேரமே முதல் ஆவணமாகும். சாய்ந்து நிற்கும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதும், திறந்த கூரையைத் தார்ப்பாயால் மூடுவதும் உரிமையாளரின் கடமை. அவற்றுக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, இரசீதுகளைக் காக்க வேண்டும். ஆனால் மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் இடிபாடுகளை அள்ளிவிடுவதும், விரிசல்களுக்குச் சிமெண்டு பூசிவிடுவதும் கோரிக்கையைக் கெடுக்கும். ஊரிலுள்ள உறவினர்கள் நல்லெண்ணத்தால் இதைச் செய்துவிடுவது அடிக்கடி நேர்கிறது. வீட்டைத் திறந்து காட்ட ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் பொதுவாகப் போதும். தீர்வு ஆவணங்களில் அவரே கையொப்பமிட வேண்டுமாயின் பொது அதிகாரப் பத்திரம் தேவை. அதைத் தோஹாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். இந்தியாவை அடைந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையெனில் முதலில் மதிப்பீட்டாளரின் அறிக்கைப் படியை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். எந்த வேலை எக்காரணத்தால் நீக்கப்பட்டது என்பது தெரியாமல் எழுதும் முறையீடு பயன்தராது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, மறுப்பு வந்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது, கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. அவர் 50 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்கத் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதில் நிறைவு பெறாத உரிமையாளர் நுகர்வோர் ஆணையத்தையோ நீதிமன்றத்தையோ நாடத் தடையில்லை.